வில்லியனூர் வண்டிக்கு நான் கொடுத்த அட்வான்ஸ்

லாரித் தொழிலில் இருப்பவர்கள் லாபத்தைப் பற்றி டீக்கடையில் பேசுவார்கள், நஷ்டத்தைப் பற்றி வீட்டில்கூடப் பேச மாட்டார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டாவது வண்டி வாங்கப் போய் 47 நாள் அலைந்தேன். 68,000 ரூபாய் கையை விட்டுப் போனது, வண்டியும் வரவில்லை. இதில் முக்கால்வாசி நாள் யாரிடமும் சொல்லாமல் தனியாக அலைந்ததுதான் பெரிய முட்டாள்தனம். அப்போது யாராவது ஒருவர் நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

எங்களிடம் இருப்பது ஒரே வண்டி. ஆறு சக்கரம், 2017 மாடல், டி.என்.31. அப்பாவும் சித்தப்பாவும் ஒரு காலத்தில் பண்ருட்டிப் பக்கம் பலாப்பழமும் முந்திரியும் ஏற்றி ஓட்டினார்கள். 2011 டிசம்பரில் தானே புயல் வந்து மரங்களைச் சாய்த்ததும் அந்த லோடு படுத்துவிட்டது. அப்புறம்தான் கடலூர் சிப்காட் பக்கம் வந்தோம். இப்போது குடிகாட்டுப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து மாதவரத்துக்குச் சரக்கு ஏற்றுகிறோம். வண்டியை ஓட்டுவது சித்தப்பா மகன், என்னைவிட நான்கு வயது இளையவன். பில் போடுவது, பணம் வசூலிப்பது, போன் எடுப்பது எல்லாம் நான். மாதக் கடைசியில் மிஞ்சுவதை இரண்டு வீடும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்வோம். வண்டியின் டியூ 2022லேயே முடிந்துவிட்டது. அதனால் மாதம் ஐம்பதாயிரம் போல நின்றது. அந்த ஐம்பதாயிரம்தான் எங்கள் கண்ணை மறைத்தது.

2024 பொங்கல் கழிந்த வாரம் தம்பி ஆரம்பித்தான். "அண்ணே, மாசம் பத்துப் பதினோரு லோடு வேணாம்னு சொல்லி அனுப்புறோம். இன்னொரு வண்டி இருந்தா அதெல்லாம் நம்மளுது." எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு வண்டிக்கு ஐம்பது, இரண்டு வண்டிக்கு நூறு. இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம் என்று நினைத்தேன். சித்தப்பா மட்டும் "பாத்துச் செய்ங்கப்பா" என்றார். எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு புரோக்கர் வில்லியனூரில் வண்டி இருப்பதாகச் சொன்னார். 2019 மாடல், பி.எஸ்.4, யூரியா ஊற்றும் வேலை கிடையாது, புதுச்சேரிப் பதிவு. விலை 14.5 லட்சம். தம்பி அன்றைக்கு ஓசூர் லோடில் இருந்தான். நான் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போனேன், அவருக்கு 1,500 ரூபாய். அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்தார், ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து கையை வைத்துப் புகை அடிக்கிறதா என்று பார்த்தார், சேசிஸில் வெல்டிங் தழும்பு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் படுத்துக்கொண்டே பார்த்தார். வண்டி சுத்தம் என்றார். அதில் அவர் பொய் சொல்லவில்லை. வண்டி சுத்தமாகத்தான் இருந்தது, பேப்பர்தான் சுத்தமில்லை. பேப்பரைப் பார்க்க மெக்கானிக் வரமாட்டார் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

"நாளைக்குத் திண்டிவனத்துலேருந்து ஒரு பார்ட்டி வருது" என்றார் புரோக்கர். இந்த வசனத்தை நானே எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். இருந்தும் விழுந்தேன். தம்பிக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மலைப்பாதையில் இருந்திருப்பான். வீட்டுக்கு வந்து, டயர் மாற்ற ஒதுக்கி வைத்திருந்த ஒரு லட்சத்தை எடுத்துப் போய்க் கொடுத்தேன். வெள்ளைத்தாளில் ஒரு ஒப்பந்தம். 30 நாளுக்குள் மீதித் தொகை கட்டாவிட்டால் அட்வான்ஸ் திருப்பித் தரப்பட மாட்டாது. கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளில் நான் செய்ய வேண்டியது எல்லாம் இருந்தது, விற்பவர் செய்ய வேண்டியது ஒரு வரிகூட இல்லை. கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ் கொடுக்கும் என்.ஓ.சி.யை எந்தத் தேதிக்குள் தருவார், பாக்கி அபராதம் யார் கட்டுவது, பேப்பர் வராவிட்டால் அட்வான்ஸ் என்னாகும், ஒன்றும் இல்லை. இன்றைக்கு யாராவது என்னிடம் கேட்டால், அட்வான்ஸ் பத்தாயிரத்துக்கு மேல் வேண்டாம் என்பேன். அந்தத் தாளில் "விற்பவர் இந்தத் தேதிக்குள் என்.ஓ.சி. ஒப்படைக்காவிட்டால் முழுத்தொகையும் திரும்ப" என்று ஒரு வரி ஏறாமல் பேனாவைத் தொட வேண்டாம் என்பேன். அந்த வரிக்கு ஒப்புக்கொள்ளாத ஆளிடம் பேப்பரில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் பெயர் ஏறியிருந்தது. நான் பார்க்காமல் இல்லை. கேட்டேன். "டியூ முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு சார், என்.ஓ.சி. வந்துக்கிட்டே இருக்கு" என்றார் விற்பவர். நம்பிவிட்டேன், ஏனென்றால் எங்கள் வண்டிக்கும் 2022இல் என்.ஓ.சி. வர மூன்று வாரம் ஆனது. அட்வான்ஸ் கொடுத்து ஒரு வாரம் கழித்து mParivahan செயலியில் நம்பரைப் போட்டுப் பார்த்தபோதும் கடன் அப்படியே இருப்பதாகத்தான் காட்டியது. பத்து நாள் ஆனது, பதினைந்து நாள் ஆனது. கடைசியில் அந்த ஃபைனான்ஸ் கிளைக்கு நானே போனேன். கவுண்டரில் இருந்த பையன் நல்லவன், சொல்லக் கூடாததைச் சொன்னான். இந்த வண்டியின் டியூ உண்மையிலேயே முடிந்துவிட்டது. ஆனால் வண்டிக்காரர் தன் மச்சான் வண்டிக்கு அதே ஃபைனான்ஸில் ஜாமீன் போட்டிருக்கிறார். மச்சான் ஏழு டியூ கட்டவில்லை. அது நேராகும் வரை இந்த வண்டிக்கும் என்.ஓ.சி. கிடையாது.

டியூ முடிந்த வண்டிக்கும் என்.ஓ.சி. நிற்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். லாரி ஃபைனான்ஸில் இது வழக்கமாம். கடன் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்குமாம், அவரே வாங்கிய வேறு கடன், அவர் ஜாமீன் நின்ற கடன் எல்லாவற்றுக்கும் சேர்த்து இந்த வண்டியைப் பிடித்து வைக்கலாம் என்று. ஆகவே விற்பவரிடம் "டியூ முடிஞ்சதா" என்று கேட்பது பிரயோஜனமில்லாத கேள்வி. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவரையும் கூட்டிக்கொண்டு அந்தக் கிளைக்கே போய், அவர் பெயரில் இருக்கும் எல்லாக் கணக்கையும் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் எதிரில் நின்று கேட்டால்தான் கவுண்டரில் வாயைத் திறப்பார்கள். வர மறுத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம், பஸ் செலவோடு போகும்.

இன்னொரு கதை புதுச்சேரிப் பதிவு. கடலூரில் இருப்பவனுக்கு முள்ளோடை தாண்டினால் வேறு மாநிலம் என்ற நினைப்பே வருவதில்லை. டீசல் லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் குறைவு என்பதால் எல்லா லாரியும் அங்கேதான் டேங்கை நிரப்பும். பெண் எடுப்பது கொடுப்பது எல்லாம் அங்கேயும் இங்கேயும்தான். ஆனால் லாரியின் பேப்பருக்கு அது வேறு உலகம். கடலூரிலிருந்து பாண்டி வழியாகச் சென்னைக்குப் போவதற்கே நேஷனல் பர்மிட் வேண்டும், ஆண்டுக்கு 16,500 ரூபாய் அதற்குக் கட்டுகிறோம். பி.ஒய். வண்டியை டி.என். ஆக்க வேண்டுமானால் முதலில் புதுச்சேரிப் போக்குவரத்துத் துறையிலிருந்து தனியாக ஒரு தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், படிவம் 28. அதற்கு ஃபைனான்ஸின் சம்மதம் வேண்டும், சாலை வரி பாக்கி இருக்கக் கூடாது, அபராதம் நிலுவையில் இருக்கக் கூடாது. அதை எடுத்து வந்து கடலூரில் இங்கத்திய வரி கட்டி, புது நம்பர் வாங்கி, அதற்கப்புறம் பர்மிட். இத்தனை நாளும் வண்டி சும்மா நிற்கும், டியூ மட்டும் ஓடும். புரோக்கர் சொன்ன விலையில் இதெல்லாம் கிடையாது. பி.ஒய். வண்டி ஒரு லட்சம் மலிவாகத் தெரிவதன் காரணம் இதுதான் என்று முதுநகரில் ஒரு பழைய லாரிக்காரர் பிறகு சொன்னார். அதை முதலிலேயே அவரிடம் கேட்டிருக்கலாம், அவர் வீடு என் தெருவுக்கு அடுத்த தெரு.

இதற்கிடையில் நான் இன்னொரு பக்கம் வேறு ஃபைனான்ஸில் கடனுக்கு ஃபைல் போட்டிருந்தேன். 12 லட்சம் கடன், நான்கு வருடம். "முக்கால் ரூபா வட்டிதான் சார்" என்றார் வந்தவர். நூற்றுக்கு மாதம் முக்கால் ரூபாய், வருடத்துக்கு 9 சதவீதம். அடகுக் கடையிலேயே இதைவிட அதிகம் என்று சந்தோஷப்பட்டேன். கணக்கு இப்படி. 12 லட்சத்துக்கு வருடம் 1,08,000 வட்டி, நான்கு வருடத்துக்கு 4,32,000. அசலோடு சேர்த்து 16,32,000. அதை 48ஆல் வகுத்தால் மாதம் 34,000. கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கும் நண்பன் ஒருவனிடம் பெருமையாகச் சொன்னேன். அவன் கேட்டான், "மூணாவது வருஷம் உன் கடன் பாதிக்கும் கீழ வந்திருக்கும். அப்பவும் எதுக்குடா 12 லட்சத்துக்கே வட்டி கட்டுற?" எனக்குப் பதில் வரவில்லை. கட்டக் கட்ட அசல் குறைவதைக் கணக்கில் எடுத்தால் இந்த 34,000 என்பது 16 சதவீத வட்டிக்குச் சமம் என்று போட்டுக் காட்டினான். அதாவது முக்கால் ரூபாய் வட்டி இல்லை, ஒன்றேகால் ரூபாய்க்கும் மேல்.

இதில் எனக்கு உறைத்த இடம் வேறு. முதல் வருடம் முழுக்க ஒரு டியூ தவறாமல் 4,08,000 கட்டினாலும் அசலில் கழிவது 2,33,000 போலத்தான். ஒரு வருடத்தில் வண்டி சரிப்படவில்லை, விற்றுவிடலாம் என்றால் இன்னும் 9,67,000 பாக்கி நிற்கும், அதற்கு மேல் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம். அப்போது அந்த வண்டிக்கு ஆறு வயது நெருங்கியிருக்கும். எட்டு வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று, அதற்கு மேல் வருடா வருடம். கடன் முடிவதற்குள்ளேயே அந்த வருடாந்திரச் செலவும் வந்துவிடும். ஃபைனான்ஸ்காரரிடம் வட்டி எத்தனை பைசா என்று கேட்பதை நான் விட்டுவிட்டேன். ஒவ்வொரு மாதமும் அசலில் எவ்வளவு கழிகிறது என்று அச்சிட்ட அட்டவணை கொடுங்கள் என்றுதான் கேட்பேன். 12ஆம் மாதத்துக்கு எதிரில் இருக்கும் பாக்கியைப் பார்த்தால் போதும்.

30 நாள் முடிந்தது. என்.ஓ.சி. வரவில்லை, ஆகவே எங்கள் ஃபைனான்ஸ் பணம் விடவில்லை, ஆகவே நான் மீதியைக் கட்டவில்லை, ஆகவே அட்வான்ஸ் போனது என்றார் விற்பவர். தப்பு அவர் பக்கம், ஆனால் தாள் என் பக்கம் இல்லை. நான்கு தடவை வில்லியனூர் போனேன். முதல் தடவை டீ கொடுத்தார், நான்காவது தடவை கேட்டைத் திறக்கவில்லை. திரும்பி வரும்போது கன்னியக்கோயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏன் இறங்கினேன் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் சொல்லவில்லை. தம்பியிடம் "பேப்பர் ஒர்க் ஓடுதுடா" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்கு அட்வான்ஸ் பத்தாயிரம் என்றுதான் தெரியும். டயரைப் பற்றி அவன் கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம்" என்றேன்.

மார்ச் கடைசியில் ஒரு ராத்திரி, பதினொன்றரை இருக்கும், தம்பி போன் செய்தான். திண்டிவனம் தாண்டி பின்பக்க உள் டயர் வெடித்துவிட்டது. லோடு வண்டி. ஓரம் கட்டிவிட்டான், ஆளுக்கு ஒன்றுமில்லை. "அண்ணே, மூணு மாசமா சொல்றேன்ல" என்றான், கோபமில்லாமல். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பக்கம் லாரிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் அப்போதே சொல்லிவிட்டேன். ஒரு லட்சம், வில்லியனூர், வெள்ளைத்தாள், எல்லாம். அவன் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, ஸ்டெப்னியும் மொட்டையாத்தான் இருக்கு, காலையில ஒரு டயருக்குப் பணம் போடு" என்று வைத்துவிட்டான்.

இரண்டு நாள் கழித்து சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். தம்பி என்னைத் திட்டவில்லை. "வண்டி போச்சு, விடு. வேற வண்டி பாக்கலாமா வேணாமான்னு இப்பவாச்சும் கணக்குப் போடு" என்றான். உண்மையில் அதுவரை நாங்கள் இருவரும் வண்டியைத்தான் பார்த்திருந்தோம், கணக்கைப் பார்க்கவே இல்லை.

அவன் சொன்னபடி நான் எழுதினேன். மாதவரம் போய்வர 400 கிலோமீட்டர். போகும்போது வாடகை 12,500. திரும்பும்போது இரண்டு நடைக்கு ஒரு நடைதான் லோடு கிடைக்கும், கிடைத்தால் 6,000, ஆகவே சராசரி 3,000. ஆக வரவு 15,500. லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால் 80 லிட்டர் டீசல், பாண்டி விலையில் ஏறத்தாழ 7,000. மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் மூன்று டோலும் போக வர 1,300. எடைமேடை, புக்கிங் ஆபீஸ் கமிஷன் எல்லாம் 700. புது டிரைவர் பேட்டா 2,000. ஒரு நடைக்கு நிற்பது 4,500.

நான் "டிரைவர் பேட்டா 2,000" என்று சத்தமாகச் சொன்னபோது, உள்ளே பூ கட்டிக்கொண்டிருந்த சித்தி எழுந்து நிலைவாசலுக்கு வந்தார். "புதுசா வர்றவனுக்கு நடைக்கு ரெண்டாயிரமா? அப்போ என் புள்ளைக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க இத்தனை வருஷமா?" நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஒன்றும் போடவில்லை. மாதம் பதினோரு நடை ஓட்டுகிறான், பேட்டா என்று எடுத்தால் 22,000. மாதம் ஐம்பதாயிரம் நிற்கிறது என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்ததில் 22,000 வண்டி சம்பாதித்தது இல்லை, அவன் தூக்கம் கெட்டுச் சம்பாதித்தது. அதைப் பாதி பிரித்து நானும் சாப்பிட்டிருக்கிறேன். வண்டி மட்டும் சம்பாதித்தது 28,000. அதுவும் டியூ இல்லாத வண்டி.

குடும்பத்தில் ஒருவர் ஓட்டும் வண்டியை வைத்து அடுத்த வண்டிக்குக் கணக்குப் போடுபவர்கள் எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுவார்கள் என்று நினைக்கிறேன். இரண்டாவது வண்டியில் உட்காரப் போவது சித்தப்பா மகன் இல்லை. புதிதாக வரும் டிரைவர் பேட்டா வாங்குவான், டீசலில் கை வைக்காமல் இருக்க வேண்டும், தீபாவளிக்கு ஊருக்குப் போவான். இரண்டாவது வண்டிக்கு ஆகிற செலவையெல்லாம் முதல் வண்டியின் மேல் போட்டுப் பார்த்து, அப்போதும் மிஞ்சினால்தான் மேலே யோசிக்க வேண்டும்.

சித்தி உள்ளே போய்விட்டார். நாங்கள் தொடர்ந்தோம். மாதம் ஒன்பது நடை என்று வைத்தால் 40,500. அதிலிருந்து நிலையான செலவு. 12 டன்னுக்கு மேல் 20 டன்னுக்குள் மொத்த எடை வரும் வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே 2022இலிருந்து ஆண்டுக்கு 35,313. பர்மிட்டையும் சேர்த்தால் மாதம் 4,000க்கு மேல். ஆறு டயரும் ஒன்றரை வருடத்துக்குள் தேயும், அதற்கு மாதம் 7,000 எடுத்து வைக்க வேண்டும் (எடுத்து வைத்ததை வில்லியனூரில் கொடுக்காமலும் இருக்க வேண்டும்). ஆயில், ரிப்பேர், எஃப்.சி., குவாட்டர் டேக்ஸ் 6,000. எல்லாம் 17,000. நிற்பது 23,500. டியூ 34,000. மாதம் 10,500 நாங்கள் கையிலிருந்து போட வேண்டும், முதல் வண்டியின் லாபத்திலிருந்து.

"ஒம்பது நடை ஏன்? பதிமூணு ஓட்டலாமே" என்றான் தம்பி. ஓட்டலாம், லோடு இருந்தால். அப்போதுதான் என் போன் டைரியை எடுத்தேன். வேண்டாம் என்று சொன்ன லோடுகளையும் அதில் குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, எதற்கென்று தெரியாமலே. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி மூன்று மாதத்தில் 33 லோடு மறுத்திருக்கிறோம். மாதம் பதினொன்று, தம்பி சொன்னது சரிதான். ஆனால் தேதியைப் பார்த்தால் அதில் 21 மாதக் கடைசி நான்கு நாளில் வந்தவை. தொழிற்சாலையில் மாதக் கணக்கு முடிக்க எல்லாச் சரக்கையும் 28ஆம் தேதிக்கு மேல் தள்ளுவார்கள். நான்கு நாளில் ஏழு லோடு. ஒரு வண்டி ஏற்றி இறக்கித் திரும்ப இரண்டு நாள். ஆக ஏழில் இரண்டைத்தான் புது வண்டி எடுக்க முடியும். மீதி நாட்களில் சராசரி நான்கு. மொத்தம் ஆறு. நான் போட்ட ஒன்பதே ஆசைக் கணக்கு. டைரியை அவன் கையில் வாங்கி, 28, 29, 30 என்று விரலை ஓட்டிக்கொண்டே போனான். ஐந்தாம் தேதி முதல் பதினைந்து வரை பக்கம் வெள்ளையாக இருந்தது.

கடைசியாக ஒன்றை நான்தான் சொன்னேன், பில் என் கையில் இருப்பதால். டீசலும் டோலும் பேட்டாவும் அன்றன்றைக்கு ரொக்கம். தொழிற்சாலை பணம் விடுவது பில் போட்டு 45 நாள் கழித்து. ஒரு நடைக்கு 11,000 முடங்கினால், முதல் செக் வருவதற்குள் பதிமூன்று நடை ஓடியிருக்கும். ஒன்றரை லட்சம் வெளியே நிற்கும். முன்பணமாகக் கையில் இருந்த இரண்டரை லட்சத்தை முழுக்க வண்டியின் விலைக்கே கொடுத்துவிட்டால், இந்த ஒன்றரை லட்சத்துக்கு வட்டிக்கு வாங்க வேண்டும். முதல் டியூ இந்தச் செக்குக்காகக் காத்திருக்காது.

தம்பி டைரியை மூடினான். "மாசக் கடைசிக்கு மட்டும் வெளி வண்டி போட்டா?" என்றான். இதைத்தான் இப்போது செய்கிறோம். 28ஆம் தேதிக்கு மேல் வரும் லோடுகளை முதுநகரிலும் பாண்டி மேட்டுப்பாளையத்திலும் தெரிந்த நான்கைந்து வண்டிக்காரர்களுக்குக் கொடுக்கிறோம், லோடுக்கு 800 ரூபாய் எங்களுக்கு. தொழிற்சாலைக்கு நாங்கள்தான் பொறுப்பு, அதனால் ஆர்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ் மூன்றையும் போட்டோ வாங்காமல் நான் ஏற்ற விடுவதில்லை. வெளி வண்டிக்காரருக்குப் பாதி வாடகையை முன்பே கொடுக்க வேண்டியிருக்கிறது, அந்தப் பணம் முடங்குவது இதிலும் உண்டு, ஆனால் மாதத்தில் அந்த நான்கு நாள் லோடுக்கு மட்டும்தான். மாதம் நான்காயிரம், ஐந்தாயிரம் வருகிறது. பெரிய பணமில்லை. டியூ கிடையாது. வருடம் முழுக்க இதே டைரியை எழுதி, ஐந்திலிருந்து இருபதாம் தேதி வரை மறுக்கும் லோடு மாதம் எட்டு என்று வந்தால் மறுபடி உட்காரலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். இதுவரை ஐந்தைத் தாண்டவில்லை.

ஏப்ரலிலிருந்து தம்பிக்கு நடைக்கு 2,000 பேட்டா, அது போக மிச்சத்தில்தான் பாதிப் பாதி. என் பங்கு குறைந்ததில் வீட்டில் கொஞ்சம் முனகல். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

அட்வான்ஸில் 40,000 திரும்பி வந்தது, அதுவும் அந்த அடுத்த தெருப் பழைய லாரிக்காரர் கூட வந்து பேசியதால். கோர்ட்டுக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு எத்தனை வாய்தா அலைவது என்று விட்டுவிட்டேன். போன 60,000, ஃபைல் போட்டதற்கு ஃபைனான்ஸ் எடுத்துக்கொண்ட 6,500, மெக்கானிக் 1,500. டயர்களில் நான்கைப் புதிதாக வாங்க முடியவில்லை, பின்பக்கத்துக்கு ரீட்ரெட் போட்டுத்தான் ஓட்டுகிறோம். முன்பக்கம் இரண்டும் புதுசு, அதில் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை.

சென்ற மாதம் விழுப்புரம் லோடுக்கு நானும் கூடப் போனேன். வில்லியனூர் தாண்டும்போது அந்த வண்டி அதே காலி மனையில் நின்றது. முன்கண்ணாடியில் "விற்பனைக்கு" என்று எழுதி, கீழே வேறு ஒரு போன் நம்பர். தம்பி கியரைக் குறைத்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். "டயர் நல்லாத்தான் வெச்சிருக்கான்" என்று சொல்லிவிட்டு மறுபடி கியரைத் தட்டினான்.